லாபம் கூடுகிறது, தோட்டம் தேய்கிறது: ஒரு கம்பெனியின் இலக்கு எதுவாக இருக்க வேண்டும்?

குன்னூரில் பி.காம் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் நிதி மேலாண்மை சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வகுப்பில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பேன்: "ஒரு கம்பெனியோட நோக்கம் என்ன?" யோசிக்காமல் பதில் வரும்: "லாபம், சார்." பாடப்புத்தகத்தைப் புரட்டியவர் யாராவது இருந்தால், "பங்குதாரரின் செல்வத்தைப் பெருக்குவது" என்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "லாபம் வந்தா செல்வம் பெருகும், ரெண்டும் ஒண்ணுதான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

இரண்டும் ஒன்றில்லை. சில நேரம் எதிரெதிர்த் திசையில்கூடப் போகும். அதைப் புரிந்துகொள்ள நீலகிரியில் இருப்பவர்களுக்குப் பக்கத்துச் சரிவே போதும்.

## முதலில் ஒரு கறவை மாடு

வீட்டில் ஒரு மாடு கன்று போட்டிருக்கிறது. கன்றுக்கு ஒரு காம்பு பால் விட்டுவிட்டு மிச்சத்தைக் கறந்து விற்கிறோம். மாதக் கடைசியில் பால் காசு கொஞ்சம் குறைவாகத்தான் வரும். கன்றுக்கு விடாமல் ஒட்டக் கறந்தால் இந்த மாதக் காசு கூடும். அடர்தீவனத்தையும் குறைத்தால் இன்னும் கூடும். ஆனால் கன்று நோஞ்சானாகிவிடும், மாடும் அடுத்த ஈற்றில் பழைய அளவு கறக்காது.

இந்த மாதப் பால் காசு என்பது லாபம். மாடு, கன்று, இனி வரப்போகும் பால் எல்லாவற்றையும் சேர்த்து இன்றைக்கு ஒருவர் என்ன விலை கொடுப்பார் என்பது செல்வம். முதலாவது ஒரு காலத்துக்கு வந்த வரவு. இரண்டாவது இனி வரப்போகும் எல்லா வரவுகளின் இன்றைய விலை. ஒட்டக் கறப்பவருக்கு முதலாவது ஏறும்போதே இரண்டாவது இறங்கிவிடுகிறது.

கம்பெனிக்கும் இதுதான் கதை. பங்குதாரர் என்பவர் கம்பெனியின் உரிமையில் ஒரு துண்டை வைத்திருப்பவர். அந்தத் துண்டுக்கு இன்று என்ன மதிப்போ, அதுவே அவருடைய செல்வம்.

## ஒரு தோட்டம், இரண்டு வழிகள்

கோத்தகிரிப் பக்கம் 80 ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு சின்னக் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். கடன் கிடையாது. மொத்தம் 10,000 பங்குகள். கிடைக்கும் லாபம் முழுவதையும் ஆண்டுக் கடைசியில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்று வைப்போம். கணக்கு எளிதாக இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

தேயிலை வளர்க்காதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். தேயிலை விட்டால் மரமாகப் போகிற செடி. அதை இடுப்பளவு உயரத்தில் மட்டமாக வைத்து, மேலே வரும் இளங்கொழுந்தைப் பறித்துக்கொண்டே இருக்கிறோம். பறிக்கப் பறிக்க மட்டம் ஏறும், குச்சிகள் முற்றும், கொழுந்து சிறுத்துப் போகும். அதனால் நான்கைந்து ஆண்டுக்கு ஒரு தடவை செடியைத் தாழ வெட்டிவிட வேண்டும். இதுதான் கவாத்து.

கவாத்து வெட்டிய சரிவைப் பார்த்தால் முதல்முறை பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். நேற்று வரை பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்த இடம், இன்று சாம்பல் நிறத்தில் குச்சி குச்சியாக நிற்கும். சில மாதங்களுக்கு அந்தத் துண்டில் ஒரு கைக் கொழுந்து கிடைக்காது. வெட்டுக்கூலி வேறு தனி. அதனால் ஒரேயடியாக வெட்டாமல், 80 ஏக்கரில் ஆண்டுக்கு 20 ஏக்கர் என்று சுற்று வைத்து வெட்டுவார்கள்.

இப்போது கம்பெனி முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கவாத்தை நிறுத்திவிடுவது. கூலி மிச்சம், 80 ஏக்கரிலும் பறிக்கலாம். முதல் ஆண்டு லாபம் எகிறும். அப்புறம் கொழுந்து சிறுத்து, வளர்ச்சி நின்ற மொட்டுகளும் முற்றின இலையும் கூடி, தூளின் தரம் விழும். குன்னூர் ஏலத்தில் விலையும் கூடவே விழும்.

இரண்டாவது வழி, சுற்றுப்படி 20 ஏக்கரைக் கவாத்து வெட்டிக்கொண்டே போவது. லாபம் நிதானமாக, ஒரே அளவில் வரும்.

லாபம் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (லட்சம் ரூபாயில்). எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

| ஆண்டு | கவாத்து இல்லாமல் | கவாத்தோடு |
|---|---|---|
| 1 | 40 | 28 |
| 2 | 36 | 28 |
| 3 | 26 | 28 |
| 4 | 14 | 28 |
| மொத்தம் | 116 | 112 |

லாபத்தைப் பெருக்குவதுதான் இலக்கு என்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? முதல் ஆண்டை மட்டும் பார்த்தால் 40 பெரிது. சரி, ஒரே ஆண்டைப் பார்ப்பது தப்பு என்று நான்கு ஆண்டையும் கூட்டினாலும் 116 தான் பெரிது. லாபம் என்ற அளவுகோல் இரண்டு தடவையும் கவாத்தை நிறுத்தச் சொல்கிறது. ஆனால் தோட்டத்தில் ஒரு நாள் கால் வைத்தவருக்குக்கூட அது தப்பு என்று தெரியும். அப்படியானால் கோளாறு அளவுகோலில்தான் இருக்கிறது.

## லாபக் கணக்கு எதைப் பார்க்கவில்லை

கவாத்துக்கூலி அந்த ஆண்டின் செலவாகக் கணக்கில் ஏறிவிடும். பறிக்காமல் விட்ட 20 ஏக்கரின் வரவும் அந்த ஆண்டே குறையும். ஆக, கவாத்து வெட்டியதன் நஷ்டம் முழுவதும் உடனே ஏட்டில் தெரிகிறது.

கவாத்தை நிறுத்தினால்? செடி உள்ளுக்குள் தளர்வதை எந்த வரியிலும் யாரும் எழுதுவதில்லை. "இந்த ஆண்டு செடியின் தெம்பு இவ்வளவு குறைந்தது" என்று லாபநட்டக் கணக்கில் ஓர் இனம் கிடையாது. நன்மை உடனே ஏட்டுக்கு வருகிறது, கேடு ஓரிரு ஆண்டு கழித்து மகசூல் விழும்போதுதான் வருகிறது. கணக்கர் பொய் எழுதவில்லை. அந்த ஏட்டின் வடிவமே அப்படி. எந்திரப் பராமரிப்பைத் தள்ளிப்போடும் ஆலையிலும், ஆசிரியர் சம்பளத்தில் கை வைக்கும் தனியார் பள்ளியிலும் இதேதான் நடக்கும்.

இதோடு இன்னொரு ஓட்டை. 1-ஆம் ஆண்டு ரூபாயையும் 4-ஆம் ஆண்டு ரூபாயையும் அப்படியே கூட்டி 116, 112 என்று போட்டோமே, அதுவும் சரியில்லை.

## ஏலச் சீட்டில் இருக்கும் பாடம்

அது ஏன் சரியில்லை என்பது சீட்டுப் போட்ட எல்லோருக்கும் தெரியும். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டு. மூன்றாவது மாதம் ஒருவருக்கு அவசரம். அவர் 25,000 தள்ளி 75,000 எடுத்துக்கொள்கிறார். கடைசி மாதம் வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தள்ளு எதுவும் இல்லை. தெரிந்தும் தள்ளி எடுக்கிறார், ஏனென்றால் கைக்கு இப்போது வரும் 75,000 அவருக்குப் பிறகு வரும் ஒரு லட்சத்துக்குச் சமம். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய கணக்கில் மதிப்பு குறைவு.

கம்பெனிக் கணக்கில் இந்தத் தள்ளை ஒரு விகிதமாக வைக்கிறார்கள். நம் தோட்டத்தில் பணம் போட்டவர்கள் ஆண்டுக்கு 12 சதவீதம் எதிர்பார்க்கிறார்கள் என்போம். அதே அளவு ஆபத்துள்ள வேறொரு இடத்தில் போட்டிருந்தால் அவர்களுக்கு அவ்வளவு கிடைத்திருக்கும் என்பதால் இந்த எதிர்பார்ப்பு. இதற்குத் தள்ளுபடி விகிதம் என்று பெயர். இன்றைய 100 ரூபாய் அடுத்த ஆண்டு 112 ஆகும் என்றால், அடுத்த ஆண்டு வரும் 112 ரூபாய்க்கு இன்று 100 ரூபாய்தான் மதிப்பு. இப்படிக் குறைத்து எடுத்த தொகைதான் இன்றைய மதிப்பு.

எப்படிக் குறைப்பது? ஓராண்டு தள்ளி வரும் பணத்தை 1.12 ஆல் ஒரு தடவை வகுக்க வேண்டும். நான்காண்டு தள்ளி வந்தால் நான்கு தடவை வகுக்க வேண்டும். வேறு வித்தை எதுவும் இல்லை.

## இப்போது செல்வத்தைக் கணக்கிடுவோம்

கவாத்து இல்லாத வழி முதலில். 1-ஆம் ஆண்டின் 40 லட்சம் இன்று 35.7 லட்சம் பெறும். அடுத்த 36 லட்சம் 28.7 ஆகும், 26 லட்சம் 18.5 ஆகும். கடைசி 14 லட்சம் இன்று 8.9 தான். கூட்டினால் 91.8 லட்சம்.

ஆனால் நான்காம் ஆண்டோடு உலகம் முடிந்துவிடவில்லை. தோட்டம் அங்கேயே இருக்கிறது, அதற்கு ஒரு விலை உண்டு. வாங்க வருபவர் நெஞ்சு உயரத்துக்கு ஏறிப்போன செடிகளைப் பார்ப்பார். எல்லாவற்றையும் ஒட்ட வெட்ட வேண்டும், ஓராண்டுக்கு மேல் சரியான வரவு இருக்காது, பட்டுப்போன இடங்களில் புது நாற்று நட்டு நிரப்ப வேண்டும் என்றெல்லாம் மனக்கணக்குப் போட்டு 150 லட்சத்துக்கு மேல் தரமாட்டேன் என்பார். நான்காண்டு தள்ளி வரும் 150 லட்சத்தின் இன்றைய மதிப்பு 95.3 லட்சம். இரண்டையும் சேர்த்தால் 187.1 லட்சம். 10,000 பங்குகளால் வகுத்தால் ஒரு பங்குக்கு 1,871 ரூபாய்.

கவாத்தோடு போகும் வழியின் கணக்கு இன்னும் எளிது. ஆண்டுக்கு 28 லட்சம் தொடர்ந்து வரும். 12 சதவீதம் எதிர்பார்ப்பவர் அதற்கு 28 ÷ 0.12, அதாவது சுமார் 233.3 லட்சம் கொடுப்பார். 233.3 லட்சத்தில் 12 சதவீதம் என்பது அந்த 28 லட்சம்தானே. ஒரு பங்குக்கு 2,333 ரூபாய்.

வித்தியாசம் பங்குக்கு 462 ரூபாய், மொத்தத்தில் சுமார் 46 லட்சம். லாபக் கணக்கில் 4 லட்சம் முந்திய வழி, செல்வக் கணக்கில் 46 லட்சம் பின்தங்கிவிட்டது. தள்ளுபடியை மட்டும் போட்டிருந்தால் முதல் வழியின் பக்கம்தான் தராசு சாய்ந்திருக்கும், ஏனென்றால் அதில் பணம் முன்னாடியே வருகிறது. 28 லட்சம் நான்காண்டுக்கு இன்று 85 லட்சம்தான், அங்கே 91.8. தராசைத் திருப்பியது செடியின் நிலைமை, அதாவது நான்காண்டுக்குப் பிறகு கையில் மிஞ்சுவது எது என்ற கேள்வி. இந்த இடத்தைப் பிள்ளைகள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். செல்வப் பெருக்கம் என்றால் வெறும் வட்டிக் கணக்கு என்று நினைத்துவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்தது: லாபம் ஒரு காலத்து வரவை மட்டும் அளக்கிறது. செல்வமோ வரவு எப்போது வருகிறது, அதற்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்ற இரண்டையும் சேர்த்து அளக்கிறது.

## ஆபத்துக்கும் ஒரு விலை உண்டு

ஒருவர் வந்து யோசனை சொல்கிறார்: "ஏலத்தை விட்டுடுங்க. மொத்தத் தூளையும் வெளிநாட்டில் ஒரே ஒரு வியாபாரிக்கு அனுப்புவோம். நல்ல ஆண்டில் 60 லட்சம் கிடைக்கும். அவர் எடுக்காத ஆண்டில் ஒண்ணும் இருக்காது. சராசரியா 30 லட்சம் நிக்கும்."

28-ஐவிட 30 பெரிது. லாபத்தைப் பெருக்குபவர் உடனே சரி என்பார். பங்குதாரரின் தூக்கமோ போய்விடும். தனியொருவரை நம்பி ஆண்டு முழுக்கக் காத்திருப்பதற்கு அவர் 12 சதவீதத்தில் திருப்தி அடையமாட்டார், 16 சதவீதமாவது கேட்பார். 30 ÷ 0.16 என்றால் 187.5 லட்சம், பங்குக்கு 1,875 ரூபாய். லாபம் 2 லட்சம் கூடிய திட்டம் பங்கின் மதிப்பில் 458 ரூபாயைத் தின்றுவிட்டது.

உறைபனி, மழைக்காலக் கொப்புள நோய், ஏல விலையின் ஏற்ற இறக்கம் என்று தேயிலைக்கு ஏற்கெனவே இருக்கும் ஆபத்துகள் 12 சதவீதத்துக்குள் அடங்கியவை. புதிதாகச் சேரும் ஆபத்துக்குத்தான் கூடுதல் சதவீதம்.

## மொத்த லாபம் கூடியும் ஒருவரின் பங்கு குறையலாம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பெனி புதிதாக 5,000 பங்குகளை வெளியிட்டு, அந்தப் பணத்தில் பக்கத்துத் தோட்டத்தை வாங்குகிறது. லாபம் 28 லட்சத்திலிருந்து 35 லட்சமாகிறது. ஆண்டுக்கூட்டத்தில் தலைவர் "லாபம் 25 சதவீதம் உயர்ந்தது" என்று அறிவிக்கிறார், அது உண்மையும்கூட. ஆனால் முன்பு ஒரு பங்குக்கு 280 ரூபாய் லாபம். இப்போது 35 லட்சத்தை 15,000 பங்குகள் பிரித்துக்கொள்வதால் ஒரு பங்குக்கு 233 ரூபாய்தான். பழைய பங்குதாரர் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தால்தான் தெரியும்.

## "நீண்டகால லாபம்" என்று சொன்னால் போதாதா?

வகுப்பில் கட்டாயம் வரும் கேள்வி இது, நல்ல கேள்வியும்கூட. "நீண்டகால லாபத்தைப் பெருக்குவதுதான் இலக்கு" என்று மாற்றிச் சொல்லலாமே என்பார்கள். சொல்லலாம். ஆனால் நீண்டகாலம் என்றால் எத்தனை ஆண்டு? நான்கு என்றால் நம் அட்டவணையில் 116 ஜெயித்துவிட்டது. பிந்தி வரும் ரூபாயையும் முந்தி வரும் ரூபாயையும் எப்படிக் கூட்டுவது? நிச்சயமான 28-க்கும் ஆட்டம் காணும் 30-க்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே போனால், வந்து நிற்கும் இடம் பங்குதாரர் செல்வம்தான். பெயர்தான் வேறாக இருக்கும்.

## தப்பாகப் புரிந்துகொள்ளும் இரண்டு இடங்கள்

செல்வப் பெருக்கம் என்றால் பங்குச் சந்தையில் விலையை ஏற்றிக் காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். பட்டியலிட்ட கம்பெனியில் சந்தை விலைதான் கைக்கெட்டும் அளவுகோல், அது சரி. ஆனால் கவாத்தை நிறுத்திய கம்பெனியின் முதல் ஆண்டு லாபத்தைப் பார்த்துச் சந்தை ஏமாறலாம், விலை கொஞ்ச காலம் ஏறவும் செய்யலாம். அந்த விலையில் விற்றுவிட்டுப் போகிறவருக்கு ஆதாயம், வாங்கியவருக்கு நஷ்டம். பங்குதாரர்களை ஒட்டுமொத்தமாக எடுத்தால் செல்வம் குறைந்துதான் இருக்கிறது. சந்தை விலையே இல்லாத சின்னக் கம்பெனியிலோ நாம் மேலே போட்ட மாதிரிக் கணக்குதான் வழி. அதிலும் 12 என்பதும் 150 லட்சம் என்பதும் மதிப்பீடுகள். வேறு எண் போட்டால் விடை நகரும் என்பதால், எந்த எண்ணை ஏன் வைத்தோம் என்பதை எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது, பங்குதாரர் செல்வம் என்றால் மற்றவர்கள் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்ற நினைப்பு. நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 166-ஆவது பிரிவு, இயக்குநர்கள் பங்குதாரர்கள் அனைவரின் நன்மைக்காகவும் நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்பதோடு தொழிலாளர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் சேர்த்தே சொல்கிறது. இது தேவையான சேர்ப்பு என்பதே என் எண்ணம். பறிக்கும் பெண்களை விரட்டி வேலை வாங்கினால் அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், அந்த நஷ்டம் செல்வக் கணக்கில் தானாகவே விழும். ஆனால் சரிவில் அடித்த மருந்து மழையில் இறங்கிக் கீழே ஓடையில் கலந்தால், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊரின் நஷ்டம் கம்பெனியின் எந்தக் கணக்கிலும் விழாது. பங்குதாரர் செல்வம் என்ற அளவுகோலால் அதைப் பார்க்க முடியாது. சட்டமும் ஊரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## யாருக்கு ஒட்டக் கறக்கத் தோன்றும்?

இவ்வளவு தெளிவாக இருந்தும் கவாத்தை ஏன் நிறுத்துகிறார்கள்? முடிவெடுப்பவரும் உரிமையாளரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதால்தான் பெரும்பாலும் அது நடக்கிறது. மேலாளருக்கு போனஸ் இந்த ஆண்டு லாபத்தைப் பார்த்துக் கிடைக்கும், இரண்டு ஆண்டில் வேறு இடத்துக்குப் போய்விடுவார். அவருக்கு 40-உம் 36-உம் கண்ணுக்குத் தெரியும். 14 வரும்போது அவர் இருக்கமாட்டார்.

இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். என் சித்தப்பா முட்டிவலியால் பறிக்க முடியாமல் தன் இரண்டு ஏக்கரை ஒருவருக்கு மூன்றாண்டுக் குத்தகைக்கு விட்டார். குத்தகைப் பணம் நாள் தவறாமல் வந்தது. மூன்றாண்டு கழித்துத் தோட்டத்தை வாங்கிக்கொள்ளப் போன அன்று நானும் கூடப் போனேன். செடி சித்தப்பாவின் நெஞ்சைத் தொட்டது. ஒரு கிளையை வளைத்துப் பார்த்தார். ரெண்டு இலை, ஒரு மொட்டு இருக்க வேண்டிய நுனியில் வளராத மொட்டு ஒன்று மட்டும் இருந்தது. தண்டில் பாசி படர்ந்திருந்தது. "எனக்குக் குடுத்த குத்தகையை எந்தோட்டத்துக்கிட்டயே வாங்கிக் குடுத்திருக்கான்" என்றார். குத்தகைக்காரர் ஒப்பந்தத்தில் இல்லாத எதையும் செய்யவில்லை. அவருடைய கணக்கில் மூன்றாண்டுதான் இருந்தது, சித்தப்பாவின் கணக்கில் அதற்குப் பிறகான காலமும் இருந்தது.

பங்கு வைத்திருப்பவர் இதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லாபம் ஏறிய ஆண்டில் அது எங்கிருந்து ஏறியது என்று பாருங்கள். விலையோ விற்பனையோ ஏறாமல், பராமரிப்பு, கவாத்து, உரம், பயிற்சி போன்ற செலவுகள் மட்டும் குறைந்திருந்தால், கூடிய லாபம் நாளைய வரவிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். தேயிலைக் கம்பெனி என்றால் ஆண்டுக்கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இந்த ஆண்டு எத்தனை ஏக்கர் கவாத்து வெட்டினீங்க?"

சித்தப்பா அந்த இரண்டு ஏக்கரையும் வெட்டிவிட்டு, கொழுந்து திரும்பும் வரை காத்திருந்து, மறுபடி வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டார். இந்தத் தடவை தொகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ஆண்டுக்கு அரை ஏக்கர் கவாத்து, கூலி குத்தகைக்காரருடையது, வெட்டும் அன்று உரிமையாளர் நேரில் வந்து பார்ப்பார்.